இருபதடிக் கூடத்துக்கு எத்தனை கன அடி?

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பவளப்பாறைக் கல்லில் எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரைதான் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த இரவுக்கும் அதன் பின் வந்த ஆண்டுகளின் உப்புக்காற்றுக்கும் சுவர் ஈடுகொடுத்தது. கூரையால் முடியவில்லை. இந்தக் கரையில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் அநேகமாக இதே கதைதான்.

கூரையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு அளந்து பார்க்கப்போகிறோம். தங்கச்சிமடம் பக்கம், வலை பின்னவும் கூட்டம் நடத்தவும் பயன்படுகிற மாதிரி ஒரு கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 30 அடி, அகலம் 20 அடி, இரண்டும் சுவரின் நடுவிலிருந்து நடு வரை. சுவர் 9 அங்குலம். இரண்டு முனையிலும் முக்கோணமாக மேலே போகும் சுவர். மேலே மங்களூர் ஓடு. இதற்கு மரம் எத்தனை கன அடி?

மரக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் கூடத்தின் பரப்பைக் கேட்டுவிட்டு ஒரு கணக்குச் சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் பரப்பு மரத்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பவை இரண்டு: ஒரு மரம் தாங்கியில்லாமல் எவ்வளவு தூரம் தாண்டுகிறது, அடுத்த மரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது. 600 சதுர அடிக் கூடம் 20 அடி அகலமாக இருந்தால் ஒரு கணக்கு. அதே 600 சதுர அடி 12 அடி அகலத்தில் 50 அடி நீளமாக ஓடினால் வேறு கணக்கு.

முதலில் வாட்டம். மங்களூர் ஓடு தட்டையான கூரையில் நிற்காது. காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறிவிடும். நம் கூடத்துக்கு நடுவில் 6 அடி உயரம் வைப்போம். பாதி அகலம் 10 அடி, உயரம் 6 அடி. 10-ஐயும் 6-ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 136, அதன் வர்க்கமூலம் 11.66. சுவரின் நடுவிலிருந்து மோடு வரை சாய்வு நீளம் இது. சுவரின் நடுவிலிருந்து வெளியே 2 அடி இறவாரம் விட்டால் சாய்வில் இன்னும் 2.33 அடி. கூட்டினால் ஏறத்தாழ 14 அடி. இதுதான் ஒரு கைமரத்தின் நீளம். இங்கேயே ஒரு தவறு நடக்கும். தரையில் 10 அடியும் 2 அடியும் அளந்து 12 அடி மரம் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு கைமரத்திலும் 2 அடி குறையும், ஒட்டுப்போட்டு நீட்டுவார்கள், ஒட்டு வரும் இடம் சரியாகக் காற்று பிடித்து இழுக்கிற இறவாரமாக அமைந்துவிடும்.

இறவாரத்தை இதற்கு மேல் நீட்டாததற்கும் காரணம் கடல்தான். மழையை மட்டும் நினைத்தால் நீண்ட இறவாரம் நல்லது. காற்றை நினைத்தால் அதுதான் முதலில் மேலே தூக்கப்படும் இடம்.

அடுத்தது, கைமரத்தின் மேல் விழும் எடை. மங்களூர் ஓட்டுக் கூரைக்கு ஓடும் ரீப்பரும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 65 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அதாவது சதுர அடிக்கு 6 கிலோ. ஓடு மாற்ற ஏறும் ஆட்கள், அவர்கள் அடுக்கி வைக்கும் ஓடு ஆகியவற்றுக்காக இன்னொரு 4 கிலோ. சதுர அடிக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கைமரங்களை 2 அடிக்கு ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு கைமரமும் தன் நீளத்தில் அடிக்கு 20 கிலோ சுமக்கிறது.

இந்த எடையோடு 11.66 அடி தாண்ட வேண்டுமென்றால் என்ன ஆகும்? 2 அங்குல அகலம், 4 அங்குல உயரம் உள்ள நல்ல மரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அது முறியாது. ஆனால் நடுவில் 3 சென்டிமீட்டர் தொய்யும். கூரை தொய்ந்தால் ஓடுகளின் பல் ஒன்றோடொன்று பொருந்தாது, ஒழுகும், ஒழுகின இடத்தில் மரம் இற்றுப்போகும். ஆகவே 2-க்கு 5 வேண்டும். அது 32 கைமரத்துக்கு 31 கன அடி.

நடுவில் ஒரு தாங்கி கொடுத்தால் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. கைமரத்தின் பாதி வழியில் ஒரு குறுக்கு மரம், பர்லின், ஓடட்டும். கைமரம் தாண்டும் தூரம் 11.66-லிருந்து 5.83 அடியாகிறது. தூரம் பாதியானால் வளைக்கும் விசை கால்பங்காகிறது. தொய்வு பதினாறில் ஒரு பங்காகிறது. இப்போது 2-க்கு 3 போதும். தொய்வு அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. இதே 2-க்கு 3-ஐப் படுக்கவைக்கக் கூடாது. 3 அங்குலம் நிற்கவேண்டும். மரத்தின் வலு அகலத்தோடு நேராகவும் உயரத்தின் வர்க்கத்தோடும் வளர்கிறது என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் எழுதிவைத்தார். 3 அங்குலத்தை நிறுத்தினால் கிடைக்கும் வலு, அதைப் படுக்கவைத்தால் கிடைப்பதைப் போல ஒன்றரை மடங்கு. ஆசாரிகளுக்கு இது கலிலியோவுக்கு முன்பே கைக்குத் தெரிந்திருக்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 30 அடியை 2 அடியால் வகுத்தால் 15. ஆனால் கைமரம் 16, ஏனென்றால் 15 இடைவெளிகளுக்கு இரு பக்கமும் மரம் வேண்டும். இரண்டு சாய்வுக்கும் 32. பதினைந்து என்று எழுதிவிட்டால் இரண்டு குறையும். கடைசி நாளில் அந்த இரண்டுக்காக மறுபடி மரக்கடைக்கு வண்டி அனுப்புவார்கள், அதே மரம் கிடைக்காது. 32 மரம், ஒவ்வொன்றும் 14 அடி, ஆக 448 அடி. 2-க்கு 3 அங்குலம் என்பது 6 சதுர அங்குலம். 448-ஐ 6-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 18.7 கன அடி. அங்குல அளவில் குறுக்குவெட்டு, அடியில் நீளம், 144-ஆல் வகுத்தல் என்ற இந்த ஒரே வாய்ப்பாடுதான் இனி எல்லாவற்றுக்கும்.

பர்லின் வந்ததால் 12 கன அடிக்கு மேல் மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் சுவையான பகுதி. பர்லினுக்கும் தாங்கி வேண்டும். முனைச் சுவரிலிருந்து முனைச் சுவர் வரை 30 அடி எந்த மரமும் தாண்டாது. இடையில் இரண்டு டிரஸ் நிறுத்தினால் 10 அடி, 10 அடி, 10 அடி என்று பிரிகிறது. கைமரம் பர்லினின் மேல் தொடர்ந்து ஓடுவதால் தன் பாதிப் பங்கைவிடக் கூடுதலாக அதன் மேல் சாய்கிறது. பர்லின் மேல் அடிக்கு 73 கிலோ வரும். அதற்கு 4-க்கு 6 அங்குல மரம் வேண்டும். இரண்டு வரிசை, சுவருக்குள் செருகவும் டிரஸ் மேல் ஒட்டுப்போடவும் சேர்த்து ஒவ்வொன்றும் 33 அடி. 11 கன அடி. கைமரத்தில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி இங்கேயே வந்துவிட்டது.

அப்படியானால் பர்லினும் டிரஸ்ஸும் எதற்கு? 2-க்கு 5 கைமரத்தைச் சோடிசோடியாக மோட்டில் சாய்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். சிறிய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். 20 அடிக் கூடத்தில் செய்யக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு மரமும் மேலே எடை விழவிழக் காலை அகட்டும். நம் அளவுக்கு அந்தத் தள்ளல், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஏறத்தாழ 100 கிலோ. 30 அடிச் சுவர் முழுவதற்கும் 3 டன், அதுவும் சுவரின் உச்சியில், வெளிப்பக்கமாக. 9 அங்குலச் சுவர் கீழ்நோக்கி வரும் எடையை எளிதில் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் நிற்காது. பழைய கூடங்களில் சுவரின் நடுப்பகுதி வெளியே பிதுங்கி, மோட்டுக்கோடு நடுவில் பள்ளமாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

டிரஸ் செய்வது அந்தக் காலை அகட்டவிடாமல் கட்டிப்போடுவது. நாம் எடுத்துக்கொள்வது மிக எளிய வகை. கீழே சுவருக்குச் சுவர் ஒரு விட்டம். அதன் முனைகளிலிருந்து எழுந்து உச்சியில் சேரும் இரண்டு சாய்கால். உச்சியிலிருந்து நேராக விட்டத்தின் நடுவுக்கு ஒரு நடுக்கால். நடுக்காலின் அடியிலிருந்து இரு பக்கமும் சாய்காலின் பாதி உயரத்துக்கு ஒவ்வொரு முட்டு. பர்லின் வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே அந்த முட்டு நிற்கிறது.

நடுக்கால் என்ற பெயர் ஏமாற்றும். அது விட்டத்தின் மேல் ஊன்றி நிற்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உச்சியிலிருந்து தொங்குகிறது. இரண்டு முட்டுகளும் பர்லினின் எடையை அதன் அடியில் கொண்டுவந்து கீழ்நோக்கி அழுத்துகின்றன. நடுக்கால் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. நம் கூடத்தில் அந்த இழுவிசை சுமார் 730 கிலோ. ஆகவே நடுக்காலின் அடியை விட்டத்தோடு ஆணியடித்து விட்டுவிடக்கூடாது. விட்டத்தைச் சுற்றி வரும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கவேண்டும். சில ஆண்டு கழித்து நடுக்காலின் அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால், அது மரம் காய்ந்ததால் அல்ல, பட்டை தளர்ந்ததால் வந்தது என்று எடுத்துக்கொண்டு உடனே பார்க்கவேண்டும்.

இனி டிரஸ்ஸின் மரம். விட்டம் 4-க்கு 6, 21 அடி: 3.5 கன அடி. சாய்கால் இரண்டு, அதே கனத்தில் 12 அடி வீதம்: 4 கன அடி. நடுக்கால் 6 அடி: 1 கன அடி. முட்டு இரண்டு, 4-க்கு 4 அங்குலம், 6 அடி வீதம்: 1.33 கன அடி. ஒரு டிரஸ்ஸுக்கு 9.83, இரண்டுக்கு 19.7 கன அடி.

விட்டத்தை 4-க்கு 6 போட்டது அது தாங்கும் இழுவிசைக்காக அல்ல. அந்த விசை ஏறத்தாழ 1600 கிலோ. 24 சதுர அங்குல மரத்துக்கு அது சதுர அங்குலத்துக்கு 67 கிலோ. நல்ல மரத்துக்கு அனுமதிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான். இதைப் பார்த்துவிட்டு விட்டத்தை இளைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இளைக்கக் கூடாது, ஏனென்றால் டிரஸ் உடைவது விட்டத்தின் நடுவில் அல்ல, முனை மூட்டில். சாய்காலின் அடி விட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்து, பள்ளத்துக்கு வெளியே மீதி இருக்கும் மரத்துண்டை நாருக்கு இணையாகத் தள்ளுகிறது. மரம் நார்வாட்டத்தில் பிளப்பதற்கு எதிராகத்தான் மிகவும் பலவீனம். சதுர அங்குலத்துக்கு 50 கிலோ என்று எடுத்தால், 4 அங்குல அகலத்தில் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 200 கிலோ தாங்கும். 1600 கிலோவுக்குப் பள்ளத்துக்கு வெளியே 8 அங்குல மரம் வேண்டும். ஒரு அடி விடுவது நல்லது. விட்டத்துக்கு 20 அடிக்குப் பதில் 21 அடி எழுதியதும், பள்ளம் சுவரின் நடுவுக்குச் சற்று உள்ளே விழுவதும் சேர்ந்துதான் இதைத் தருகின்றன. அந்த ஒரு அடி கூடுதல் விலை 0.17 கன அடி. அதை மிச்சம் பிடித்தால் சாய்காலின் அடியிலிருந்து விட்டத்தின் முனை வரை நீளவாக்கில் ஒரு கீறல் ஓடும். பழைய டிரஸ்ஸைச் சோதிக்க வேண்டுமென்றால் ஏணி வைத்து முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

மீதிக் கணக்கு விரைவானது. மோட்டுவளை 3-க்கு 6, 33 அடி: 4.1 கன அடி. சுவரின் மேல் கைமரம் உட்காரும் சட்டம் இரு பக்கமும் 4-க்கு 3, 33 அடி வீதம்: 5.5 கன அடி.

ரீப்பர் மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டியது. மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர் ஏறத்தாழ பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒன்று. 14 அடிச் சாய்வுக்கு 15 வரிசை, இரு சாய்வுக்கும் 30, ஒவ்வொன்றும் 31 அடி, 930 அடி. எல்லோரும் 2-க்கு 1 ரீப்பர் என்பார்கள், அது 12.9 கன அடி. ஆனால் கைமரம் 2 அடி தள்ளி நிற்கும்போது, ஓடு மாற்றப்போகிறவர் இரண்டு கைமரத்துக்கு நடுவே ஒரே ரீப்பரில் காலை வைத்தால் அந்த ஒரு அங்குல ரீப்பர் முறியக்கூடும். 2 அடி இடைவெளிக்கு ரீப்பரின் கனம் ஒன்றரை அங்குலம் வேண்டும். அப்போது 19.4 கன அடி. ஒரு அங்குல ரீப்பர்தான் வேண்டுமென்றால் கைமரத்தை ஒன்றரை அடிக்கு நெருக்கவேண்டும், அப்போது கைமரம் 32 அல்ல, 42, அவை 24.5 கன அடி. இரண்டு வழியையும் கூட்டிப் பாருங்கள். அகல இடைவெளியும் தடித்த ரீப்பரும் 38.1. நெருக்கமும் மெல்லிய ரீப்பரும் 37.4. கிட்டத்தட்ட ஒன்றே.

டிரஸ்ஸிலும் இதே கதை. இரண்டுக்குப் பதில் மூன்று டிரஸ் வைத்தால் இடைவெளி ஏழரை அடியாகிறது. பர்லின் 3-க்கு 5 போதும். அதில் 4 கன அடி மிச்சம், ஆனால் கூடுதல் டிரஸ் கிட்டத்தட்ட 10 கன அடி கேட்கிறது. ஒரே டிரஸ் வைத்தால் 10 கன அடி மிச்சம். ஆனால் பர்லின் 5-க்கு 8 ஆகவேண்டும், மோட்டுவளையும் தடிக்கவேண்டும், அந்தப் பத்தும் ஏறக்குறைய அங்கேயே போய்விடும். தடித்த நீளமான மரத்துக்குக் கன அடி விலையும் கூடுதல். ஆகவே 10 அடிக்கு ஒரு டிரஸ் என்பது நம் கூடத்துக்குச் சரியான இடம். இடைவெளியை எப்படி மாற்றினாலும் மரம் ஓர் இடத்தில் குறைந்து இன்னோர் இடத்தில் முளைக்கும். மொத்தம் பெரிதாக நகராது.

நம் தெரிவின் மொத்தம்: கைமரம் 18.7, ரீப்பர் 19.4, பர்லின் 11, மோட்டுவளை 4.1, சுவர்ச் சட்டம் 5.5, டிரஸ் 19.7. எல்லாம் சேர்ந்து 78.4 கன அடி. இழைப்புக்கும் முனை வெட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 86. தரைப்பரப்பு 600 சதுர அடியால் 78.4-ஐ வகுத்தால் சதுர அடிக்கு 0.13 கன அடி. 20 அடி அகலக் கூடத்துக்கு யாராவது கொடுக்கும் மதிப்பீட்டில் இது 0.08 என்று வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, 0.2-ஐத் தாண்டினால் யாரோ தடிமரம் எழுதியிருக்கிறார்கள்.

உருட்டு மரமாக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் கடை வழக்கம். 48 அங்குலச் சுற்றளவு, 14 அடி நீளம் என்றால் கடைக் கணக்கில் 14 கன அடி. உண்மையான உருளையின் கன அளவு 17.8. வாங்குகிறவருக்கு லாபம் என்று நினைக்கவேண்டாம். வித்தியாசம் பட்டையும் சிறாயுமாக அறுவை ஆலையிலேயே நின்றுவிடும். அந்த 14-உம் முழுதாகச் சட்டமாக வராது.

எந்த மரம்? இந்தக் கரையின் பழைய வீடுகளுக்குப் பனங்கைதான். பனையில் வலு வெளிப்புறத்தில் இருக்கிறது. கறுத்த நார் நெருங்கிய வெளிவளையம் இரும்பு மாதிரி, உள்ளே சோறு. வைரம் பாய்ந்த முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில்தான் வளையம் தடித்திருக்கும். மேலே போகப்போக மெலியும். ஆகவே பனையில் உருட்டு மரக் கணக்கு பொருந்தாது, மரத்தில் பாதிக்குமேல் கைமரத்துக்கு உதவாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. புதிதாக வெட்டுவதைவிட, பிரித்த வீடுகளின் பனங்கையைத் தட்டிப்பார்த்து வாங்குவதே முறை. கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம். பொத்தென்று ஒலித்தால் கரையான் உள்ளே போயிருக்கிறது. மாவட்டம் முழுவதும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தில் 14 அடி நேர்மரம் கிடைப்பது அரிது. அது கரிக்குத்தான் போகிறது. டிரஸ்ஸுக்குத் தேக்கோ வேங்கையோ வாங்கிவிடலாம். மொத்த மரத்தில் கால்பங்கு அது. மூட்டு வெட்டு சுத்தமாக விழவேண்டிய இடமும் அதுதான்.

இனி காற்று. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இந்தியக் கட்டடத் தரவிதியில் வேகத்தை வர்க்கமாக்கி 0.6-ஆல் பெருக்குகிறார்கள். நொடிக்கு 40 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 98 கிலோ. நம் கூரையின் சாய்வுப் பரப்பு சுமார் 80 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் 8 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஓடும் மரமும் சேர்ந்த எடை ஆறரை டன். காற்று வென்றுவிடுகிறது. வேகம் இன்னும் ஏறினால் வித்தியாசம் வர்க்கத்தில் பெருகும்.

இதற்கு மரத்தைத் தடிக்கவைத்துப் பயனில்லை. 78 கன அடியை 100 ஆக்கினாலும் எடை அரை டன்தான் கூடும். வேண்டியது கீழே பிடித்துக்கொள்வது. சுவரின் தலையில் ஒரு கான்கிரீட் வளையம். அதிலிருந்து எழும் போல்ட் சுவர்ச் சட்டத்தையும் டிரஸ்ஸின் முனையையும் இறுக்கவேண்டும். ஒவ்வொரு கைமரமும் சட்டத்தோடும் பர்லினோடும் தகட்டுப் பட்டையால் கட்டப்படவேண்டும். இறவாரத்திலும் மோட்டிலும் உள்ள ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு பிணைக்கவேண்டும். எல்லா இரும்பும் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். பூசாத ஆணி இந்த உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தடிக்கும், தடித்து மரத்தைப் பிளக்கும். கைமரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுத்த வட்டமும் அதிலிருந்து நாரோடு ஓடும் கீறலும் தெரிந்தால் அந்த ஆணி ஏற்கெனவே போய்விட்டது. மரக்கடை ரசீதில் இவை எதுவும் கன அடியாக வராது. ஆகவே இவற்றைத் தனித் தாளில், மரத்தை எழுதும் அதே நாளில், எண்ணி எழுதவேண்டும்: 32 கைமரத்துக்கு இரண்டிரண்டு பட்டை, 64, நான்கு டிரஸ் முனைக்கு இரண்டிரண்டு போல்ட், எட்டு, நடுக்காலுக்கு இரண்டு பட்டை.